ஓ.டி. என்றால் வலக்கண்ணா, ஒரு வேளையா?

ஒருவருக்கு நோய் எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்பதை மருத்துவர் எழுதி வைப்பதைத்தான் ‘கேஸ் ரிப்போர்ட்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த அப்படியோர் அறிக்கையைத் தமிழாக்க உட்கார்ந்தால், நோயின் பெயரைவிட இரண்டு விஷயங்கள் அதிகம் இடறும். ஒன்று எழுத்துச் சுருக்கங்கள், இன்னொன்று நோயாளியைப் பற்றிய விவரங்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம்.

62 வயதுப் பெண் ஒருவர் கடும் தலைவலி, வாந்தி, வலக்கண்ணில் வலி என்று மருத்துவமனைக்கு வருகிறார். அந்தக் கண்ணின் உள்ளழுத்தம் 52 மி.மீ. பாதரசம். வழக்கமாக அது 10 முதல் 21 வரை இருக்கும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி திடீரென அடைபட்டதால் வந்த கிளாக்கோமா இது.

அறிக்கையின் மேற்பகுதியில் பார்வைத் திறனை ‘ஓ.டி. 6/60, ஓ.எஸ். 6/9’ என்று எழுதியிருக்கிறார்கள். லத்தீனிலிருந்து வந்த இந்தச் சுருக்கங்களில் முதலாவது வலக்கண், அடுத்தது இடக்கண். 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள். எண்ணை அப்படியே வைத்து, இந்த விளக்கத்தை ஒரு முறை சேர்த்தால் போதும்.

சிக்கல் கீழே மருந்துப் பட்டியலில் வருகிறது. ‘லட்டனோபிராஸ்ட் சொட்டு, ஓ.டி.’ என்று இருக்கிறது. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை. அப்படியானால் இது வலக்கண்ணில் விடச் சொல்கிறதா, ஒரு வேளை விடச் சொல்கிறதா? அந்த மருந்தை வழக்கமாக ஒரு வேளைதான் விடுவார்கள். நோயும் வலக்கண்ணில்தான் இருக்கிறது. இரண்டுமே பொருந்துவதால், மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கக் கூடாது. எழுதிய மருத்துவரையே கேட்க வேண்டும். பதில் வந்ததும் ‘வலக்கண்ணில், தினம் ஒரு வேளை’ என்று சொல்லாகவே எழுதிவிட்டால் அடுத்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

அதனால் முதல் வரியைத் தொடுவதற்கு முன்பே, அறிக்கையில் உள்ள எல்லாச் சுருக்கங்களையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் எந்த வாக்கியத்தில் என்ன பொருளில் வருகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. பி.பி., ஈ.சி.ஜி. போல மக்கள் வாயில் புழங்குபவற்றை அப்படியே விடலாம். மற்றவற்றை விரித்து எழுதலாம். இரண்டு பொருள் தருபவற்றைத் தமிழில் சுருக்கமாக விட்டுவைக்கவே கூடாது.

இனி நோயாளியின் விவரங்கள். ‘இவருடைய சிஸ்டருக்கும் இதே நோய்’ என்று அறிக்கை சொல்கிறது. தமிழில் எழுதும்போது கை தானாக ‘அக்கா’ என்றோ ‘தங்கை’ என்றோ போகும். மூலத்தில் இல்லாத வயதை நாம் சேர்த்ததாகிவிடும். ‘உடன்பிறந்த சகோதரி’ என்பதே சரி. ‘அங்கிள்’ இன்னும் கடினம். சித்தப்பாவா, தாய்மாமனா, அத்தையின் கணவரா? குடும்பத்தில் தொடரும் நோயில் இரத்த உறவா, மணவழி உறவா என்பது முக்கியம். இங்கும் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பெண் ஒரு சிற்றூர்ச் சந்தையில் பூக்கட்டி விற்பவர் என்றும், எந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டார் என்றும் மூலம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில இதழைப் படிப்பவர்களுக்கு அவர் யாரோ. தமிழில் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் படிக்கலாம். தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்பில்லாதபோது தொழிலையும் ஊரையும் விட்டுவிடலாம். தேதிக்குப் பதிலாக ‘முதல் நாள்’, ‘மூன்றாம் நாள்’ என்று எழுதலாம். ஆனால் அடையாளம் மறைக்கிறேன் என்று 62 வயதை 50 ஆக்கக் கூடாது. இந்த நோயில் வயதும் ஒரு தடயம். மாற்றினால் அறிக்கை பொய்யாகிவிடும். தேவையில்லாததை நீக்கலாம், எதையும் திரிக்கக் கூடாது.

படம் இருந்தால் கண்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு அதைப் போதாத பாதுகாப்பு என்றே சொல்கிறது. கண் நோய் அறிக்கையில் பட்டை போடவும் வழியில்லை. கண்ணை மட்டும் நெருக்கமாக வெட்டிக் காட்டுவதே தகும்.

ஆங்கில இதழுக்கு அவர் கொடுத்த ஒப்புதல், தன் ஊரார் படிக்கும் மொழியில் வெளியிடுவதற்கும் சேர்த்துக் கொடுத்ததாக இல்லாமல் இருக்கலாம். மொழிபெயர்ப்பு முடிந்ததும், மருத்துவர் வழியாக அதை அவருக்கு வாசித்துக் காட்டி, மறுபடி சம்மதம் கேளுங்கள். தன் கதையை அவர் தன் மொழியில் முதன்முறையாகக் கேட்பது அப்போதுதான். வேண்டாம் என்று ஏதாவது ஒரு வரியை அவர் சொன்னால், அந்த வரி போக வேண்டியதுதான்.