உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் ஒரு மாம்பழம்

குரங்கணிப் பிள்ளைகளுக்காகப் பதினைந்து நிமிட நிழல்பாவைக் காட்சி ஒன்று எழுத வேண்டியிருந்தது. பொருள், பகிர்ந்து உண்ணுதல். பாத்திரங்களைத் தேடி அலையவில்லை. தோல்பாவைக்கூத்தில் ராமாயணக் கதைக்கு நடுவே வந்து சிரிக்கவைக்கும் ஜோடி இருக்கிறதே, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், அவர்களையே எடுத்துக்கொண்டேன். ஒருவனுக்கு உச்சிக்குடுமி, மற்றவனுக்குப் பெரிய தலை. நிழலைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

கூத்தில் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒருவரே குரல் கொடுப்பார். எங்கள் காட்சியிலும் அப்படித்தான். அட்டையில் வெட்டிய எங்கள் பாவைகளுக்கு வாய் அசையாது. பிறகு யார் பேசுவது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழி. பேசுகிற பாவை மட்டும் ஆட வேண்டும், மற்றது அசையக் கூடாது. அடுத்து, முதல் சில வரிகளில் எதிராளியின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும். வரி நீண்டால் கை சோர்ந்து இரண்டும் சேர்ந்து ஆடும். அதனால் ஒரு மூச்சில் முடிகிற வரிகளாக எழுதினேன்.

என் முதல் பிரதி தோற்றுப்போனது. கடைசியில் உச்சிக்குடும்பன் ஐந்து வரி புத்திமதி சொன்னான். வாசித்துக் காட்டியபோது, இரண்டாவது வரியிலேயே பிள்ளைகளின் கண் வாசல் பக்கம் போய்விட்டது. அந்த ஐந்தையும் அடித்துவிட்டு, நீதியைச் சண்டைக்குள்ளேயே வைத்தேன்:

உச்சி: டேய் உளுவா, பழத்தை நான்தான்டா மொதல்ல பாத்தேன்!

உளுவன்: உச்சியண்ணே, பாத்தது கண்ணு, எடுத்தது கை. கைக்குத்தான் பழம்.

உச்சி: அப்பக் கையாலயே தின்னு. வாயத் தொறக்காத!

உளுவன்: சரி சரி, ஆளுக்குப் பாதி. நானே அறுக்குறேன்.

உச்சி: நீ அறு. எந்தப் பாதி வேணும்னு நான் எடுத்துக்குறேன்.

(உளுவன் கத்தியை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்துகிறான்.)

உளுவன்: ஐயய்யோ, அப்ப சமமாவுல்ல அறுக்கணும்!

அறுக்கிறவன் ஒருவன், முதலில் எடுக்கிறவன் மற்றவன் என்று வைத்தால், நல்ல மனசு இல்லாதவனும் சமமாகத்தான் அறுப்பான். உளுவன் திருந்தவில்லை, மாட்டிக்கொண்டான். பிள்ளைகள் சிரிக்கிற இடமும் புரிந்துகொள்கிற இடமும் அதுதான். கத்தி நகரும்போது அவசரப்படாமல் மூன்று எண்ணும் நேரம் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவர்களே காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் மாம்பழத்தை இரண்டாகத் துண்டு போட முடியாது. இரு பக்கமும் சதையை அறுத்தெடுத்தால் நடுவில் கொட்டை நிற்கும். முதலில் இதைக் குறையாக நினைத்து, பழத்தை முறுக்காக மாற்றப் பார்த்தேன். பிறகு அதையே முடிவாக்கினேன். இருவரும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கொட்டை யாருக்கு?" என்று கேட்கிறார்கள். "அறுத்தவனுக்கு" என்றால் உச்சி சொல்ல ஒரு வரி: "கூலியா? நாளைக்கு நான் அறுக்குறேன்!" "எடுத்தவனுக்கு" என்றால் உளுவன் சொல்ல ஒரு வரி: "அண்ணே, பாதியும் ஒனக்கு, கொட்டையும் ஒனக்கா?"

இரண்டையும் எழுதி வைத்துவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அன்றைக்குப் பாதிப் பேர் ஒன்றைக் கத்தினார்கள், பாதிப் பேர் மற்றதை. பாவைகள் ஓய்ந்த பிறகும் அவர்கள் வாதம் ஓயவில்லை.