2025 என்ற தலைப்பை 2026 ஆக்குவது எப்படி?

‘சிறந்த 5 மிக்ஸிகள் 2025’ என்று தலைப்பிட்ட யூடியூப் வீடியோ அந்த ஆண்டு முழுக்க நன்றாக ஓடியிருக்கும். ஜனவரி பிறந்ததும் அது போன வருடத்து காலண்டராகிவிடுகிறது. மிக்ஸி வாங்க நினைப்பவர் ‘சிறந்த மிக்ஸி 2026’ என்று தேடுகிறார். 2025 என்று கண்ணில் பட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். பழையதை நீக்கிவிட்டு, அதையே புதுத் தலைப்போடு மறுபடி ஏற்றிவிட்டால் என்ன என்று சேனல்காரருக்குத் தோன்றும். செய்யவே கூடாதது அதுதான்.

யூடியூப் ஒரு வீடியோவை அதன் தலைப்பை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஏற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் 11 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கிறது. முகவரியில் `watch?v=` என்பதற்குப் பின்னால் வருவது அதுதான். வியூஸ், லைக், கமென்ட், வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்பட்ட லிங்க் எல்லாம் அந்தக் குறியீட்டோடு ஒட்டியவை. தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அவை அசையாது. பிரிட்டனைச் சேர்ந்த டாம் ஸ்காட் 2020இல் இதை வேடிக்கையாகவே காட்டினார்: வியூஸ் எண்ணிக்கை ஏற ஏற அவருடைய வீடியோவின் தலைப்பும் தானாகவே மாறி, அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுபடி ஏற்றினால் புதுக் குறியீடு. கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சிறிய சேனலுக்கு நஷ்டம் இன்னும் பெரிது. விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு வழி. நீக்கப்பட்ட வீடியோவும் பிரைவேட் ஆக்கப்பட்ட வீடியோவும் சேர்த்துத் தந்த மணி நேரம் அந்தக் கணக்கில் வராது.

ஆகவே தலைப்பில் ஓர் எண்ணை மாற்றுவதால் வியூஸ் போகாது. வீடியோவுக்குள் இருக்கும் சரக்கு 2026க்குச் செல்லுமா என்பதுதான் கேள்வி. 12 நிமிட மிக்ஸி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து மிக்ஸிகளிலும் தேங்காய்ச் சட்னி அரைத்து, ஊறிய உளுந்தை ஆட்டி, சத்தத்தையும் மோட்டார் சூட்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இந்தச் சோதனை ஒரு வருடத்தில் பழசாகாது. கடைகளில் விசாரித்தால் நான்கு மாடல்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. மூன்றாவதாகக் காட்டியதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. விலைகள் மாறியிருக்கின்றன. போதாக்குறைக்கு, ஆரம்பத்திலேயே தொகுப்பாளர், “வணக்கம், 2025ல வாங்கக்கூடிய அஞ்சு மிக்ஸிகளப் பாக்கலாம்” என்கிறார்.

வெளியான வீடியோவின் கோப்பை எடுத்துவிட்டு வேறொன்றை அங்கே வைக்க யூடியூப் விடாது. புதுக் காட்சியைச் செருகவும் முடியாது. ஆனால் வெட்ட முடியும். யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் Trim & cut என்ற வசதி அதற்குத்தான். தொடக்கத்தில் ஆண்டைச் சொல்லும் சில வினாடிகளையும், நிறுத்தப்பட்ட மாடல் வரும் இரண்டு நிமிடங்களையும் வெட்டிச் சேமித்தால், அதே முகவரியில் அதே வியூஸுடன் பத்து நிமிட வீடியோ நிற்கும். புது வடிவம் தயாராகச் சில மணி நேரம் பிடிக்கலாம். அதுவரை பார்வையாளருக்குப் பழையதே தெரியும். ஒரு வரம்பு உண்டு: ஒரு லட்சம் வியூஸைத் தாண்டிய வீடியோவில், யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனல்கள் இப்படி வெட்ட முடியாமல் போகலாம்.

வெட்டிய பிறகு செய்ய வேண்டிய சில்லறை வேலைகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நான்காகிவிட்டதால் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் அந்த எண்ணும் மாற வேண்டும். விளக்கக்குறிப்பில் ‘4:10 மூன்றாவது மிக்ஸி’ என்று கையால் எழுதிய நேரக்குறிகள் தானாக நகராது. எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். விலைகளை வீடியோவில் மாற்ற வழியில்லை என்பதால், விளக்கக்குறிப்பின் முதல் வரிகளிலும் பின் செய்த கமென்ட்டிலும் புது விலைகளை, விசாரித்த மாதத்தைக் குறிப்பிட்டுப் போடலாம். தலைப்பில் இந்த எண்களைத் தவிர வேறெதையும் தொடாமல் இருப்பது நல்லது. ‘சிறந்த மிக்ஸி’ என்ற சொற்கள்தான் தேடுபவர்களை இதுவரை கொண்டுவந்தன. அவற்றையும் சேர்த்து மெருகேற்றப் போனால், பின்னர் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய தலைப்பையும் மாற்றிய தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, நான்கு வாரம் கழித்து ஸ்டூடியோவில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, தம்ப்நெயிலைக் கண்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பது. மற்றது, சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது. கிளிக் ஏறி, பார்க்கும் நேரம் முன்போலவே இருந்தால் மாற்றம் பலித்திருக்கிறது. கிளிக் ஏறி நேரம் சரிந்தால், 2026 என்று நம்பி வந்தவர்கள் உள்ளே 2025ஐக் கண்டு திரும்பிப் போகிறார்கள் என்று பொருள். பார்வையாளர் நீடிக்கும் அளவைக் காட்டும் வரைபடத்தில் எந்த இடத்தில் கோடு சட்டென்று இறங்குகிறதோ, அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் யாராவது பழைய விலையைச் சொல்லிக்கொண்டிருப்பார், அல்லது திரையில் 2025 என்று எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தையும் வெட்ட முடியாதென்றால் பழைய தலைப்பையே திரும்ப வைப்பதுதான் வழி.

இந்த வைத்தியம் மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் செல்லும். ‘15,000 ரூபாய்க்குள் சிறந்த போன்கள்’ போன்ற பட்டியலுக்குச் செல்லாது. அங்கே ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் மாடல்கள் மாறிவிடும். வெட்டிக்கொண்டே போனால் மிஞ்சுவது வணக்கமும் நன்றியும்தான். அதற்குப் புது வீடியோவே எடுக்க வேண்டும். அப்போதும் பழையதை நீக்கத் தேவையில்லை. அதன் தலைப்பில் 2025 நேர்மையாக இருந்துவிட்டுப் போகட்டும். பின் செய்த கமென்ட்டிலும் விளக்கக்குறிப்பின் முதல் வரியிலும் புது வீடியோவின் லிங்க் வர வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு கார்டு, முடிவில் ஓர் எண்ட் ஸ்கிரீன் வைக்கலாம். இவ்விரண்டையும் எத்தனை பழைய வீடியோவிலும் பிறகு சேர்க்க முடியும். எண்ட் ஸ்கிரீன் கடைசி 5 முதல் 20 வினாடிகளுக்குள் நிற்கும். தேடலிலிருந்தும் பழைய பகிர்வுகளிலிருந்தும் வருபவர்களில் ஒரு பகுதியினர் இப்படிப் புதியதற்கு நகர்வார்கள்.

அடுத்த ஆண்டு இவ்வளவு பாடு வேண்டாமென்றால், படமெடுக்கும்போதே வாயால் ஆண்டைச் சொல்லாமல், விலையைத் திரையில் எழுதாமல், ஒவ்வொரு பொருளையும் தனித்தனிப் பகுதியாக, ‘முன்னே பார்த்தோமே’ என்ற இணைப்புப் பேச்சில்லாமல் எடுத்துவைக்கலாம். எதைச் செய்தாலும் ஒன்று மட்டும் மாறாது: வீடியோ வெளியான தேதி. தலைப்பில் 2026 என்று போட்டாலும், ‘1 ஆண்டுக்கு முன்’ என்று யூடியூப் அதன் கீழேயே எழுதிவிடும்.