பிஞ்சுக் குழந்தைக்குக் கிளிசரின்: ஒரு கிராம், ஒரு முறை

மூன்று மாதக் குழந்தை. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறது. எடை நன்றாக ஏறியிருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது. பாட்டி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே கிளிசரின் சப்போசிட்டரிகள், பின்பக்கம் வைக்கிற மாத்திரை.

"இது இல்லாம பிள்ளைக்கு வெளிக்கே வரமாட்டேங்குது டாக்டர்" என்றார். மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கிறார்கள்.

ஆரம்பித்த கதையைக் கேட்டேன். ஐந்து நாள் குழந்தை மலம் கழிக்கவில்லை. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்துவிடலாம் என்றிருக்கிறார் பாட்டி. அதெல்லாம் சுத்தமில்லை என்று மருமகன் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இந்த டப்பாவை வாங்கி வந்திருக்கிறார். வைத்த இருபதாவது நிமிடம் குழந்தை போய்விட்டது. வீடே நிம்மதியானது. அதன்பின் இரண்டு நாள் போகாவிட்டாலே கை டப்பாவுக்குப் போக ஆரம்பித்தது.

"அந்த அஞ்சாம் நாள் போனது எப்படி இருந்துச்சு? கெட்டியாவா?"

"இல்லை டாக்டர், மஞ்சளா, கொழகொழன்னுதான் இருந்தது" என்றாள் குழந்தையின் அம்மா.

அப்படியானால் அந்தக் குழந்தைக்கு மலச்சிக்கல் இருந்ததே இல்லை.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகும். ஆறு வாரம் தாண்டியதும் பல குழந்தைகளுக்கு இது சட்டென்று குறையும். பாலில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொள்வதால் வெளியே தள்ள மிச்சம் அதிகம் இருப்பதில்லை. ஏழு நாள், பத்து நாள்கூட போகாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக மெத்தென்று போகிற குழந்தைகள் உண்டு. குழந்தை நன்றாகப் பால் குடித்து, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, வயிறு மெத்தென்று இருந்தால் அந்த இடைவெளி நோயல்ல. பிறந்த முதல் மாதத்தில் மட்டும் இதே கணக்கைப் போடக் கூடாது. அப்போது மலம் குறைந்தால் பால் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். எடை பார்க்க வேண்டும்.

மலச்சிக்கல் என்பது நாள் கணக்கைவிட மலத்தின் தன்மையைப் பொறுத்தது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக வருவது, உலர்ந்து பருமனாக வருவது, வரும்போது குழந்தை வலியில் துடிப்பது, மேலே கோடு போட்டதுபோல் ரத்தம் ஒட்டியிருப்பது இவைதான் அடையாளம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை பத்து, இருபது நிமிடம் முகம் சிவக்க முக்கும், காலை மடக்கும், வீறிடும். பிறகு வருவதோ இளகலான மலம். மலம் கழிக்க வயிற்றை இறுக்க வேண்டும், அதே நொடியில் ஆசனவாயைத் தளர்த்த வேண்டும். இந்தக் குழந்தைக்கு முதல் பாதி வந்துவிட்டது, இரண்டாவது பாதி இன்னும் கைவரவில்லை. கீழே கதவை மூடிக்கொண்டு மேலேயிருந்து தள்ளுகிறது. சில வாரங்களில் தானாகவே கற்றுக்கொள்ளும். பார்க்கிற பாட்டிக்கு நெஞ்சு பதறும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் இதற்கு மருந்து தேவையில்லை.

சரி, இந்த மாத்திரை என்னதான் செய்கிறது? கிளிசரின் தண்ணீரை இழுக்கும் பொருள். அதை ஜெலட்டினோடோ சோடியம் ஸ்டியரேட்டோடோ சேர்த்து, ஒரு முனை கூரான சிறு குண்டுபோல வார்க்கிறார்கள். மலக்குடலுக்குள் போனதும் சுற்றியுள்ள திசுவிலிருந்து நீரை இழுத்து, கடைசிப் பகுதியில் நிற்கும் மலத்தை நனைக்கிறது, வழுக்க வைக்கிறது. கூடவே குடல் சுவரை லேசாக உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் மலம் வெளியேறும் அனிச்சைச் செயலைத் தூண்டுகிறது. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதன் எல்லை அந்தக் கடைசி சில சென்டிமீட்டர்தான். மேலே குடலில் உருவாகிக்கொண்டிருக்கும் அடுத்த மலத்தை அது இளக்காது.

பாட்டி கொண்டுவந்த டப்பாவில் 2 கிராம் என்று இருந்தது. அது ஒரு வயதிலிருந்து பதினொரு வயது வரை உள்ளவர்களுக்கான அளவு. ஒரு மாதம் முதல் பதினொரு மாதம் வரையான குழந்தைக்கு 1 கிராம். அதற்கு மேல் வயதுள்ளவர்களுக்கும் பெரியவர்களுக்கும் 4 கிராம். கடையில் "குழந்தைக்கு" என்று மட்டும் கேட்டால் எந்த அளவு கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. மாதத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும், அட்டையில் கிராமைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரியதை வெட்டி வைப்பதையும் பார்க்கிறேன். வெட்டிய விளிம்பு கூராக நின்று கீறும், அளவும் ஒன்றுபோல இருக்காது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு எந்த அளவானாலும் வீட்டு முடிவாக வைக்கவே கூடாது.

வைக்கும் முறையில் அதிகம் பார்க்கும் தவறு, மேலுறையைப் பிரிக்காமலே வைத்துவிடுவது. சிரிப்பாக இருக்கலாம், இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையோடு இருப்பவருக்கு நடக்கும். கையைக் கழுவி, உறையைப் பிரித்து, மாத்திரையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். வாசலின், எண்ணெய் எதுவும் வேண்டாம், அவை கிளிசரின் நீரை இழுப்பதற்குக் குறுக்கே நிற்கும். டயப்பர் மாற்றுவதுபோலக் குழந்தையை மல்லாத்தி, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிப் பிடித்து, கூர்முனை முன்னால் போகும்படி மெதுவாக உள்ளே தள்ளி, இரண்டு மூன்று நிமிடம் பிட்டத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தால் போதும். போகாமல் தடுத்தால் அழுத்தக் கூடாது. முழுதும் கரையாமல் மலத்தோடு வெளியே வந்தால் பயப்பட வேண்டாம், தூண்ட வேண்டியதைத் தூண்டிவிட்டது. ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அன்றைக்கு இன்னொன்று வைக்காதீர்கள். அடுத்த நாள் மருத்துவரிடம் போகும் நேரம் அது.

நம்மூர் கைவைத்தியத்தில் இதே வேலையைச் செய்துவந்ததுதான் வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும். தூண்டும் தத்துவம் ஒன்றுதான். சோடியம் ஸ்டியரேட்டே ஒரு சோப்பு வகை என்பது வேடிக்கையான உண்மை. ஆனால் குளியல் சோப்பில் காரமும் வாசனைப் பொருளும் இருக்கும், மெல்லிய சவ்வைப் புண்ணாக்கும். காம்பு முனை கீறும். பாட்டிமார்களின் கணிப்பில் தவறில்லை, கருவியில்தான் தவறு.

மாத்திரை தேவைப்பட்ட ஒரு குழந்தையையும் சொல்ல வேண்டும். ஏழு மாதம். தாய்ப்பால் குறைந்து, பசும்பால் நாளைக்கு மூன்று வேளை, நடுவில் பாக்கெட் அரிசிக் கூழ். நான்கு நாளாகப் போகவில்லை. கடைசியாகப் போனது கல்போன்ற உருண்டைகள், ஒன்றில் ரத்தக் கோடு. முக்க ஆரம்பித்ததும் பயந்து அடக்கிக்கொள்கிறது. ஆசனவாயில் சிறு வெடிப்பு இருந்தது. வாசலில் அடைத்து நிற்கும் அந்தக் கெட்டி மலம் அன்றே வெளியேறினால் குழந்தைக்கு நிம்மதி என்பதால் 1 கிராம் மாத்திரை ஒன்று வைத்தோம். அதோடு அதன் பங்கு முடிந்தது. பசும்பாலை நிறுத்தச் சொன்னேன், ஒரு வயதுக்கு முன் அது வேண்டாம். வேகவைத்து மசித்த பேரிக்காய், பருப்பும் காயும் சேர்த்த குழைந்த சோறு, சாப்பாட்டுக்குப் பின் சில வாய் தண்ணீர். பேரிக்காயில் உள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரை குடலில் தண்ணீரைத் தக்கவைக்கும். கூடவே சில வாரங்களுக்கு லாக்டுலோஸ் சிரப், எடைக்கேற்ற அளவில். வெடிப்பு ஆறி, வலி இல்லை என்பதைக் குழந்தை நம்பும் வரை மலம் இளகலாகவே இருக்க வேண்டும். அதை வாய்வழி மருந்தும் உணவும்தான் செய்ய முடியும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட குழந்தை மலச்சிக்கல் வழிகாட்டுதலிலும் வாய்வழி மருந்துகள்தான் முதலில். தேங்கிய மலத்தை அகற்ற, அவை எல்லாம் பலிக்காதபோதுதான் பின்வழி மருந்து.

ஆக, எத்தனை தடவை? ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. என் வழக்கம் இன்னும் கறாரானது. ஒரு முறை வைத்து, அதே வாரத்தில் இரண்டாவது தேவைப்பட்டால், டப்பாவைத் திறக்குமுன் குழந்தையைக் காட்டுங்கள் என்பேன்.

"குடல் சோம்பேறியாகிவிடும்" என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். குடலின் நரம்பையோ தசையையோ கிளிசரின் கெடுத்துவிடுவதில்லை. பிரச்சினை குழந்தை கற்றுக்கொள்வதில் இருக்கிறது. முக்கும்போது தளர்த்தப் பழகும் வாரங்களில், ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வந்தால், அது வரும்வரை காத்திருக்கத்தான் குழந்தை பழகும். அடிக்கடி வைத்தால் சவ்வும் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து குழந்தை அடக்கும், அடக்கிய மலம் கெட்டியாகும்.

எனக்கு அதிகக் கவலை தருவது மூன்றாவது விஷயம். மாத்திரை ஒரு நோயை மறைத்துவிடலாம். கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹெரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-இல் பெர்லினில் இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். பெருங்குடல் வீங்கி, மலம் இறங்காமல் இறந்துபோன குழந்தைகள். இன்று அந்த நோய் அவர் பெயரிலேயே இருக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே பிறப்பதுதான் காரணம். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். இப்படிப்பட்ட குழந்தைக்கு ஆசனவாயைத் தூண்டினால் பல நேரம் காற்றோடு மலம் பீய்ச்சிக்கொண்டு வரும், வயிறு இறங்கும். "மாத்திரை வச்சா சரியாயிடுது" என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். உள்ளே குடல் வீங்கிக்கொண்டே போய், கிருமி தாக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்த மாத்திரையோடு யார் வந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: பிறந்ததும் கருப்பாக வரும் காட்டுப்பீ எப்போது போனது? முதல் நாளிலேயே போயிருக்க வேண்டும். 48 மணி நேரம் தாண்டியிருந்தால் மாத்திரையை ஒதுக்கிவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வயிறு உப்பி இறுகியிருப்பது, பச்சையாக வாந்தி, காய்ச்சல், எடை ஏறாதது, கைகால் துவண்டிருப்பது இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தக் குழந்தைக்குக் காட்டுப்பீ பிறந்த அன்றே போயிருந்தது. வயிறு மெத்தென்றிருந்தது, முதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இல்லை. டப்பாவை மூடி வைக்கச் சொன்னேன். முக்கும்போது காலை மடக்கிப் பிடித்து, சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டிவிடலாம், அவ்வளவுதான்.

"அஞ்சு நாள் தாண்டிடுச்சுன்னா?" என்றார் பாட்டி.

"பால் குடிக்குதா, மூத்திரம் போகுதா, வயிறு மெத்துன்னு இருக்கான்னு பாருங்கம்மா. மூணும் சரியா இருந்தா எட்டாம் நாள் எனக்கு போன் பண்ணுங்க."

ஏழாம் நாள் காலையில் போன் வந்தது. பாட்டிதான் பேசினார். போயிருச்சு டாக்டர், டயப்பர் தாங்கலை, துணியெல்லாம் மாத்தினோம் என்றார். கெட்டியா என்று கேட்டேன். கொழகொழன்னுதான் என்றவர், ஃபிரிட்ஜில் மீதியிருக்கும் நாலு மாத்திரையை என்ன செய்ய என்று விசாரித்தார்.