நாய்க்குப் பூண்டும் கற்பூர எண்ணெயும்: உண்ணிக்கான வீட்டு வைத்தியமே விஷமாவது எப்படி?

மழைக்காலத்தில் நாய்களின் காது மடல்களிலும் கால் விரல் இடுக்குகளிலும் உண்ணிகள் பெருகுவது வழக்கம். அவற்றை விரட்ட உணவில் பூண்டு சேர்ப்பது, கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயைத் தடவுவது, டீ ட்ரீ ஆயில் எனப்படும் தேயிலை மர எண்ணெயைப் பூசுவது ஆகியவை பல வீடுகளில் பின்பற்றப்படுகின்றன. மனிதர்களுக்குப் பழக்கமான இப்பொருள்கள் நாய்களின் உடலில் வேறு விதமாகச் செயல்படுகின்றன.

பூண்டும் வெங்காயமும் என்ன செய்கின்றன?

பூண்டு, வெங்காயம் இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. அணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் சேதமடைந்து சிறு துகள்களாகத் திரள்கிறது. சேதமடைந்த அணுக்களை உடல் அழிக்கத் தொடங்குவதால் ரத்தசோகை ஏற்படுகிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் இந்த நச்சுத்தன்மை நீங்குவதில்லை.

நாய் தனது உடல் எடையில் சுமார் 0.5 சதவீத அளவுக்கு மேல் வெங்காயத்தை ஒரே நேரத்தில் உண்டால் பாதிப்பு ஏற்படலாம் எனக் கால்நடை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு இது 50 கிராம், அதாவது ஒரு சிறிய பெரிய வெங்காயத்தின் அளவு. பூண்டு இதைவிட வீரியம் மிக்கது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

ஏமாற்றும் அறிகுறிகள்

பூண்டு நஞ்சின் அறிகுறிகள் பெரும்பாலும் உடனே தெரிவதில்லை; சில நாள்கள் கழித்தே வெளிப்படுகின்றன. இதில்தான் பெரிய ஆபத்து உள்ளது.

உதாரணமாக, உண்ணித் தொல்லை உள்ள 10 கிலோ எடை கொண்ட நாய்க்கு, ஒரு வாரம் சோற்றில் பூண்டு பிசைந்து கொடுக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். வார இறுதியில் நாய் சோர்ந்து படுக்கிறது. ஈறுகள் வெளிறுகின்றன, மூச்சு வேகமாகிறது, சிறுநீர் பழுப்பு நிறமாகிறது. உண்ணிகளால் பரவும் பெபீசியா காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் தோன்றும். எனவே, உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டதாகக் கருதி, வீட்டினர் பூண்டின் அளவை மேலும் கூட்டிவிடக்கூடும்.

இரண்டையும் வெளித் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, நச்சுப் பாதிப்பு எனில் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் துகள்கள் தென்படும்; பெபீசியா எனில் ஒட்டுண்ணி தென்படலாம். பூண்டு கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் கூறினால்தான் அவர் இரண்டையும் தேடிப் பார்ப்பார். பூண்டு நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. நிலைமை கடுமையானால் ரத்தம் ஏற்ற நேரிடும்.

தோல் வழியாக இறங்கும் எண்ணெய்கள்

தேயிலை மர எண்ணெய் தோல் வழியாக உடலுக்குள் செல்கிறது. உடலை நக்கும்போது வாய் வழியாகவும் சேர்கிறது. நீர்க்காத தேயிலை மர எண்ணெயால் பாதிப்புக்குள்ளானதாக அமெரிக்க விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தில் பதிவான 443 நாய், பூனைகள் குறித்த ஆய்வு 2014-இல் வெளியானது. அவற்றில் 337 நாய்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது நிகழ்வுகளில் எண்ணெய் தவறுதலாகப் படவில்லை, வேண்டுமென்றே பயன்படுத்தப்பட்டிருந்தது. எச்சில் வடிதல், தள்ளாட்டம், பின்னங்கால் தளர்ச்சி, நடுக்கம் ஆகியவை சில மணி நேரத்தில் தொடங்கி மூன்று நாள்கள் வரை நீடிக்கலாம்.

கற்பூரமும் தோல் வழியாக விரைவில் உட்கிரகிக்கப்பட்டு நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடும். உண்ணி கடித்துப் புண்ணான இடத்தில் தடவும்போது ஆபத்து அதிகம்.

தோட்டத்திலும் கவனம்

அரளியின் எல்லாப் பாகங்களும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. அழகுக்காக வளர்க்கப்படும் சைகஸ் செடியின் விதைகள் கல்லீரலைச் செயலிழக்கச் செய்பவை. சோற்றுக் கற்றாழையின் தோலுக்கடியில் உள்ள மஞ்சள் பால் வாந்தி, பேதியை ஏற்படுத்தும்.

என்ன செய்ய வேண்டும்?

எண்ணெய் பூசப்பட்டிருந்தால் பாத்திரம் கழுவும் மிதமான திரவத்தால் குளிப்பாட்டி, நாய் நக்காமல் தடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெயை விழுங்கிய நாயை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். உப்புக் கரைசல் புகட்டுவதும் நஞ்சாகலாம். பூண்டையோ வெங்காயத்தையோ அதிகம் தின்றுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்ப்பது பலன் தரும். தின்ற பொருள், அளவு, நேரம், நாயின் எடை ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

உண்ணிகளை நீக்க, நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்தையே பயன்படுத்த வேண்டும்.