எளிதாக விரியும் நுரையீரலில் ஏன் மூச்சு முட்டுகிறது?

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைத் தடுக்கி விழவைக்கும் வைவா கேள்வி ஒன்று உண்டு. பல வருடம் பீடி குடித்து எம்ஃபிசீமா வந்துவிட்ட ஒருவருக்கு நுரையீரலின் கம்ப்ளையன்ஸ் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? ஆள் மூச்சு வாங்க முடியாமல் திணறுகிறாரே, குறைந்துதான் இருக்கும் என்று பலரும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். கூடியிருக்கும் என்பதுதான் சரியான விடை. அப்படியானால் அவர் ஏன் திணற வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல இரண்டு பலூன் போதும்.

ஒன்று, பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுப் பலூன். இன்னொன்று, ஒரு வாரம் ஊதிக் கட்டித் தொங்கவிட்டு, பிறகு முடிச்சை அவிழ்த்த பழைய பலூன். புதியதை ஊதக் கன்னம் வலிக்கும்; ஆனால் விரலை எடுத்ததும் காற்று விர்ரென்று வெளியேறும். பழையது லேசாக ஊதினாலே உப்பிவிடும். வாயைத் திறந்தால் காற்று மெல்லக் கசிந்து போகும். முழுதாகக்கூடப் போகாது, தொளதொளவென்று பாதி உப்பிய நிலையில் கிடக்கும்.

ஊதும்போது எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்பதே கம்ப்ளையன்ஸ். விட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கத் துடிக்கும் விசை எலாஸ்டிக் ரீகாயில். ஒன்று கூடினால் மற்றது குறையும். பழைய பலூனுக்குக் கம்ப்ளையன்ஸ் அதிகம், ரீகாயில் குறைவு. புதியதற்கு நேர்மாறு.

நுரையீரலுக்கு வருவோம். பலூனுக்கு உள்ளே காற்றை ஊதித் தள்ளுகிறோம். நுரையீரலையோ வெளியிலிருந்து இழுத்து விரிக்கிறோம். விலாக்கூடு வெளிப்பக்கம் விரியப் பார்க்கிறது, நுரையீரல் உள்பக்கம் சுருங்கப் பார்க்கிறது. இந்த இழுபறியால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் ப்ளூரா இடைவெளியில் அழுத்தம் இயல்பாக மூச்சு விடும்போது வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில் அது சுமார் 5 செ.மீ. நீர் அளவு குறைவு. உதரவிதானம் கீழே இறங்கி மூச்சை இழுத்து முடிக்கும்போது 7.5 அளவு குறைவு. இந்த 2.5 செ.மீ. வித்தியாசத்தில் அரை லிட்டர் காற்று உள்ளே போய்விடுகிறது. 500 மில்லியை 2.5 ஆல் வகுத்தால் 200. ஒரு செ.மீ. நீர் அழுத்தத்துக்கு 200 மில்லி: நல்ல நுரையீரலின் கம்ப்ளையன்ஸ் இதுதான். மூச்சை விடுவதற்குத் தனியாகத் தசை வேலை தேவையில்லை. விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும்.

இப்போது அந்தப் பீடிக்காரரைப் பார்ப்போம். புகை உள்ளே போகப் போக, அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. அந்த நொதி நுரையீரலின் எலாஸ்டின் இழைகளை அறுக்கிறது. காற்றுப்பைகளின் சுவர்கள் சிதைந்து, பல சிறு பைகள் ஒரே பெரிய பையாகின்றன. அவருடைய கம்ப்ளையன்ஸ் 400 ஆகிவிட்டது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் இழுக்க அவருக்கு 1.25 செ.மீ. அழுத்த வித்தியாசமே போதும். நம்மில் பாதி உழைப்பு!

ஆனால் உள்ளே போன காற்றைத் தள்ளும் விசை போய்விட்டது. அது மட்டுமல்ல. பொடிப்பொடியான மூச்சுக்குழல்களுக்கு உறுதியான குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள திசுவின் எலாஸ்டின் இழைகள் நாலா பக்கமும் இழுத்துப் பிடிப்பதால்தான் அவை திறந்திருக்கின்றன. இழைகள் அறுந்தபின் அவர் மூச்சை முக்கி வெளியே விட்டால், அந்த அழுத்தமே குழல்களை நசுக்கி மூடிவிடுகிறது. முக்க முக்க அடைபடும். வெளியேறாத காற்று உள்ளேயே தேங்க, விலாக்கூடு விரிந்த நிலையிலேயே நின்று, மார்பு பீப்பாய் போல் ஆகிறது. உதரவிதானம் தட்டையாகிவிடுவதால் அதற்குக் கீழிறங்க இடமில்லை. ஏற்கெனவே உப்பியிருக்கும் பலூனுக்குள் இன்னும் ஒரு மூச்சை அடைப்பது எவ்வளவு கஷ்டமோ, அவருடைய ஒவ்வொரு மூச்சும் அப்படி. தளர்ந்த பலூனும் முழுக்க உப்பிய பிறகு விறைப்புதான். நுரையீரல் லேசாக விரிந்தும் அவர் திணறுவது இதனால்தான்.

இப்படிப்பட்டவர்கள் பலர், யாரும் சொல்லித்தராமலே, உதட்டைக் குவித்து விசிலடிப்பது போல் மெதுவாக மூச்சு விடுவார்கள். வாசலைக் குறுக்கினால் குழல்களுக்குள் அழுத்தம் சற்று உயர்ந்து நிற்கும். அவை அவ்வளவு சீக்கிரம் நசுங்காது. ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னாலும் விஷயம் வெளிப்பட்டுவிடும். ஆரோக்கியமான பெரியவர், பலமாக ஊதும் மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கு மேல் முதல் நொடியிலேயே தள்ளிவிடுவார். இவரால் முடியாது.

புதுப் பலூனின் பக்கத்தில் நிற்பது ஃபைப்ரோசிஸ். சிலிகா தூசு போன்ற காரணங்களால் நுரையீரலில் தழும்புத் திசு படிந்து விறைத்துவிட்ட நிலை. கம்ப்ளையன்ஸ் 50க்கு இறங்கினால் அதே அரை லிட்டருக்கு 10 செ.மீ. அழுத்த வித்தியாசம் வேண்டும். அவ்வளவு இழுக்கத் தெம்பில்லாமல், சின்னச் சின்ன மூச்சாக வேகவேகமாக விடுவார்கள். ஸ்பைரோமீட்டரில் மொத்த அளவு குறைந்திருக்கும், முதல் நொடியின் விகிதம் மட்டும் கெடாது. ரீகாயில் பலமாக இருக்கிறதே!

இதுவரை பலூன் நன்றாகவே உழைத்தது. ஆனால் அதை வைத்து விளக்க முடியாத பாதி ஒன்று இருக்கிறது. சொல்லப்போனால் அதுதான் பெரும்பாதி. பலூனின் இழுவிசை முழுக்க ரப்பரிலிருந்து வருகிறது. நுரையீரலின் சுருங்கும் விசையில் எலாஸ்டினுக்கும் கொலாஜனுக்கும் உள்ள பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். மிச்சம், காற்றுப்பைகளின் உள்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை. 1929இல் வான் நீர்கார்ட் நுரையீரலைக் காற்றால் நிரப்பியும், பிறகு கரைசலால் நிரப்பியும் பார்த்தார். கரைசலால் நிரப்பியபோது மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. உள்ளே நீர் நிறைந்துவிட்டால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லை, அதனால் அந்த இழுவிசையும் இல்லை.

இந்த இழுவிசையை அடக்கி வைக்க நம் உடல் சுரக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த பொருள்தான் சர்ஃபாக்டன்ட். தாயின் வயிற்றில் சுமார் 34, 35 வாரத்துக்குப் பிறகுதான் அது போதிய அளவு கிடைக்கும். அதற்குமுன் பிறக்கும் குழந்தைக்கு, ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்கின்றன. பலூனில் முதல் ஊதுதான் கடினம் என்பது தெரிந்ததே. காரணம் வேறு என்றாலும், அந்தச் சிசுவுக்கு ஒவ்வொரு மூச்சுமே முதல் ஊது. விலா உள்வாங்க, முனகிக்கொண்டே மூச்சு விடும். இதற்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறை என்பதை மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் 1959இல் காட்டினார்கள். காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாதக் குழந்தை பேட்ரிக் இதே கோளாறால் சுமார் 39 மணி நேரமே உயிரோடிருந்தது.

1980இல் ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை இத்தகைய குழந்தைகளின் மூச்சுக்குழலுக்குள் செலுத்திப் பலன் கண்டார்கள். இன்று பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது வழக்கமான சிகிச்சை. 34 வாரத்துக்குமுன் பிரசவம் நேரலாம் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் சர்ஃபாக்டன்ட் சுரக்கத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசியும் போடுகிறார்கள். குறைமாதத்தில் வலி கண்டால் வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவத்துக்குச் சற்று முன்னதாகவே போட்டால்தான் அந்த ஊசி முழுப் பலன் தரும்.