பேட்டியில் சொன்னதும் கட்டுரையில் வந்ததும்

பேட்டிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் முடிவுகள் பகுதிக்கு உயிர் கொடுப்பவை, பேசியவர்களின் சொற்கள்தான். நோயோடு வாழ்வது, குடிநீருக்கு அலைவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் போவது என எதைப் பற்றியதாக இருந்தாலும், ஆய்வாளர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே மேற்கோளாக ஒருவர் பேசியிருப்பார். பேட்டி தமிழில் நடக்கிறது, கட்டுரை ஆங்கிலத்தில் போகிறது. நடுவில் நான்கு வரி மொழிபெயர்ப்பில் ஆய்வின் முடிவே புரண்டுவிடக்கூடும்.

இதை விளக்க நானே ஒரு மேற்கோளைக் கட்டிக்கொள்கிறேன். மதுரைப் பக்கத்துக் கிராமம், ஐம்பது வயதைத் தாண்டிய கூலி வேலை செய்யும் பெண், சர்க்கரை நோய். சாப்பாடு பற்றிக் கேட்டபோது அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

"தனியா சமைக்கணும்னாங்க. எனக்குன்னு ஒரு உலை வைப்பாங்களா? எல்லாரும் சாப்பிடுறதையே சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுத் தொலைக்கிறேன். கேப்பைக் களி தின்னா சுகர் குறையுமாம். எங்க சனம் கேப்பையத் தின்னுதான வளந்துச்சு, எங்களுக்கும் வந்துச்சே."

அவசரத்தில் செய்த ஆங்கிலம் என்ன சொல்லும்? அதைத் திரும்பத் தமிழில் தருகிறேன்: தனியாகச் சமைக்கும்படி சொன்னார்கள். எனக்காகச் சமைப்பார்களா? எல்லோரும் உண்பதையே உண்டு, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கேழ்வரகு சர்க்கரையைக் குறைக்கும். எங்கள் சமூகம் கேழ்வரகு உண்டு வளர்ந்தது, எங்களுக்கும் நோய் வந்தது.

ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை, அகராதியும் குறை சொல்லாது. ஆனால் இதைப் படிக்கும் வெளிநாட்டு வாசகர் மூன்று முடிவுக்கு வருவார்: இவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், கேழ்வரகு நல்லது என்று அறிந்திருக்கிறார், வீட்டாரின் உதவியை எதிர்பார்த்துக் கேட்கிறார். மூன்றும் தவறு.

தமிழ் தன் மனநிலையைப் பெரும்பாலும் வினையின் வாலில்தான் வைத்திருக்கிறது. 'குறையுமாம்' என்பதில் உள்ள 'ஆம்', இது நான் கண்டதல்ல, சொல்லக் கேட்டது என்கிறது. அதோடு, நான் நம்பவில்லை என்ற தொனியையும் சேர்த்துக்கொள்கிறது. அது உதிர்ந்தால், மருத்துவ ஆலோசனையைச் சந்தேகிக்கும் பெண் அதை ஏற்றுக்கொண்ட பெண்ணாக மாறிவிடுகிறார். ஆங்கிலத்தில் இதற்கு ஈடான விகுதி கிடையாது. 'சொல்கிறார்கள்' என்று தனியே ஒரு சிறு வாக்கியம் வைத்தாக வேண்டும். 'வந்துச்சே' என்பதில் உள்ள 'ஏ'காரம் மறுப்பு. அது வெறும் தகவலாகப் போகாமல், 'அப்படியென்றால் எங்களுக்கு எப்படி வந்தது' என்ற எதிர்க்கேள்வியாகப் போக வேண்டும்.

'போட்டுத் தொலைக்கிறேன்' என்பதில் தொலைவது எதுவும் இல்லை. மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறார், வெறுப்போடு போடுகிறார். துணைவினை சுமக்கும் அந்தச் சலிப்பை ஆங்கிலத்தில் வினைமேல் ஏற்ற முடியாது. 'அந்தப் பாழாய்ப்போன மாத்திரை' என்பதுபோல் பெயர்ச்சொல்லின் முன்னால் நகர்த்திவைக்கலாம். இடம் மாறுகிறது, சலிப்பு தங்குகிறது. எனக்கு இது சரியான நேர்மையாகப் படுகிறது. சொல்லுக்குச் சொல் விசுவாசமாக இருந்துவிட்டுப் பேசியவரின் கோபத்தைத் தொலைப்பது விசுவாசமே அல்ல.

'தனியா சமைக்கணும்னாங்க' என்றது யார்? தமிழில் எழுவாய் இல்லாமல் பேசலாம், ஆங்கிலம் விடாது. டாக்டரா, நர்சா, மருமகளா என்பதைப் பதிவின் முந்தைய நிமிடங்களைக் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னது என்று தெரிந்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போடுவது வழக்கம். இது நான் சேர்த்தது, அவர் சொன்னதல்ல என்று வாசகருக்கு அது காட்டும். அடுத்த வரியில் 'வைப்பாங்களா' என்பது கேள்வியே இல்லை, வைக்கமாட்டார்கள் என்ற தீர்ப்பு. 'எனக்கென்று யார் உலை வைக்கப்போகிறார்கள்' என்ற வடிவத்துக்கு மாற்றினால் ஆங்கிலத்திலும் அது தீர்ப்பாகவே ஒலிக்கும்.

'எங்க சனம்' இன்னும் நுட்பமானது. எதிரில் இருப்பவரைச் சேர்த்திருந்தால் 'நம்ம சனம்' என்றிருப்பார். 'எங்க' என்றதால் பேட்டி எடுப்பவர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வெளியே நிறுத்தியது சாதியாலா, ஊராலா, படிப்பாலா என்பது ஆய்வின் மையமாகவே இருக்கலாம். மேற்கோளுக்குள் இதை ஏற்ற இடமில்லை. மேற்கோளுக்கு முன்னால் ஆய்வாளர் தன் வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். 'சனம்' என்பதைச் 'சமூகம்' என்று பெயர்த்தால் இந்திய ஆங்கிலத்தில் அது சாதியைக் குறிப்பதாகிவிடும். அவர் சொன்னது அதுதானா என்று தெரியாதபோது, 'எங்கள் ஆட்கள்' என்ற அளவில் நிறுத்துவது பாதுகாப்பு.

ஏற்கெனவே ஆங்கிலமாகத் தெரியும் சொற்களில்தான் பலர் கவனம் தவறுகிறது. 'சுகர்' நம்மூரில் நோயின் பெயரும்தான், ரத்தத்தில் உள்ள அளவும்தான். 'இப்ப சுகர் இல்ல' என்பவர் நோய் போய்விட்டது என்கிறாரா, அளவு கட்டுக்குள் இருக்கிறது என்கிறாரா? 'டென்ஷன்' கோபமாகவும் இருக்கும், கவலையாகவும் இருக்கும். அப்படியே எடுத்துவைக்காமல், அந்த இடத்தில் அது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான சேதம் வேலையின் வரிசையில் தொடங்குகிறது. எழுத்தில் இறக்கும்போதே பேச்சுத் தமிழைச் செந்தமிழாகத் திருத்துகிறார்கள், உடனே முழுப் பேட்டியையும் ஆங்கிலமாக்குகிறார்கள், பிறகு அந்த ஆங்கிலத்தை வைத்துக் கருப்பொருள் பிரிக்கிறார்கள். 'குறையுமாம்' 'குறைக்கும்' ஆகிவிட்ட பிறகு, பகுப்பாய்வு செய்பவருக்குச் சந்தேகம் என்ற ஒன்று இருந்ததே தெரியாது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபென்னா வான் நெஸ் குழுவினர் 2010-ல் எழுதிய கட்டுரையில் சொன்ன யோசனை இதற்கு மருந்து: கூடியவரை மூலமொழியிலேயே பகுப்பாய்வை நடத்துங்கள். பேசியபடியே பதிவு, தமிழிலேயே குறியீடு, கட்டுரைக்குத் தேர்ந்த மேற்கோள்கள் மட்டும் கடைசியில் ஆங்கிலம். மொழிபெயர்க்க வேண்டிய அளவும் சுருங்கிவிடும்.

சரிபார்க்கப் பலர் நாடுவது திருப்பி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் தமிழாக்க, இரண்டையும் ஒப்பிடுவது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் விளக்கிய இம்முறை வினாத்தாள்களுக்கு நன்றாக உதவுகிறது. மேற்கோளுக்கு இதை மட்டும் நம்ப முடியாது. 'உலை வைப்பாங்களா' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது அப்படியே தமிழுக்குத் திரும்பி வந்துவிடும். ஆங்கில வாசகருக்குப் புரியவில்லை என்பது ஒப்பீட்டில் தெரியாது. அதைவிட, இரு மொழியும் தெரிந்த ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டபடி ஆங்கிலத்தைப் படிப்பது பயன் தரும். பேச்சில் கோபம் இருக்கிறது, எழுத்தில் இல்லை என்றால் காதே சொல்லிவிடும். தமிழ் அறியாத ஒருவரிடம் அந்த ஆங்கிலத்தைக் கொடுத்து, 'இந்த அம்மா மருத்துவரை நம்புகிறாரா?' என்று கேட்பதும் நல்ல சோதனை.

பேட்டி ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்பதற்கு 2007-ல் வெளிவந்த 'கோரெக்' பட்டியலில் 32 அம்சங்கள் உண்டு. மேற்கோள் காட்டப்பட்டதா, ஒவ்வொன்றும் யாருடையது என்று எண்ணாலோ வேறு விதத்திலோ அடையாளமிடப்பட்டதா என்பது அவற்றில் ஒன்று. மொழிபெயர்த்தவர் யார், எந்தக் கட்டத்தில், கருத்து வேறுபாடு எப்படித் தீர்ந்தது என்பதையும் ஆய்வுமுறைப் பகுதியில் இரண்டு மூன்று வரியில் எழுதிவிடுவது நல்லது. தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பாகத் தருவது அதைவிட நல்லது, தமிழ் வாசகர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆங்கிலத்தில் முகமற்றுப் போனவர், 'கேப்பை', 'சனம்' என்ற வட்டாரச் சொற்களோடு தமிழில் வரும்போது பக்கத்து ஊர்க்காரருக்கு அடையாளம் தெரிந்துவிடலாம். தமிழிலும் வெளியிடுவோம் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும்.