பார்க்கர் 51: பாகங்கள் சொல்லும் வயது

பழைய இங்க் பேனா விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: “1941 பார்க்கர், தங்க மூடி, அந்தக் காலத்துச் சரக்கு.” இந்த ஒரு வரியில் மூன்று உரிமைகோரல்கள் இருக்கின்றன. மூன்றையும் வீட்டு மேசையில் வைத்தே சரிபார்த்துவிடலாம். பார்க்க வேண்டியவை நிப், மை நிரப்பும் அமைப்பு, உடல் எந்தப் பொருளால் ஆனது என்பவை. ஆனால் இவற்றில் எதையும் தனியாக நம்பிவிடக் கூடாது. பேனா கழற்றி மாட்டக்கூடிய பொருள். பழுதுபார்ப்பவர்கள் எழுபது, எண்பது ஆண்டுகளாக ஒன்றின் மூடியை இன்னொன்றுக்கும், ஒன்றின் நிப்பை வேறொன்றுக்கும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இதைப் பழகுவதற்கு பார்க்கர் 51ஐ விட நல்ல பேனா இல்லை என்பது என் கருத்து. பீரோவின் உள்ளறையில் தாத்தாவின் பேனா என்று ஒன்று கிடந்தால், அது இதுவாகவோ இதைப் பார்த்துச் செய்ததாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் 1888இல் தொடங்கியது. அதன் 51ஆவது ஆண்டான 1939இல் உருவான வடிவம் என்பதால் இந்தப் பெயர். அமெரிக்கக் கடைகளுக்கு 1941இல் வந்தது, 1972 வரை உற்பத்தியானது. வெளித்தோற்றம் அதிகம் மாறாமல், உள்ளே மட்டும் மாறிக்கொண்டே போன பேனா.

அதன் உருவத்துக்குக் காரணம் மை. காகிதத்தில் பட்டதும் உலரும் மை ஒன்றைப் பார்க்கர் தயாரித்திருந்தது. ஒற்றுத்தாள் தேவையில்லை என்பது அதன் பெருமை. ஆனால் அப்படிப்பட்ட மை, காற்றுபட்டால் நிப்பிலேயே உலர்ந்துவிடும். காரத்தன்மை மிகுந்த அந்த மை, அன்றைய பேனாக்களின் செல்லுலாய்டு உடலையும் ரப்பர் பையையும் அரித்துவிடும். நிப்பை மூட வேண்டும், உடலுக்கு வேறு பொருள் வேண்டும். பார்க்கர் 51இன் அடையாளங்கள் எல்லாம் இந்த இரண்டு தேவைகளிலிருந்து பிறந்தவை.

முதலில் நிப். சாதாரண பழைய பேனாவில் நிப் அகன்ற இலைபோல வெளியே தெரியும், நடுவில் ஒரு துளை இருக்கும், மேலே 14K என்ற முத்திரையைப் படித்துவிடலாம். 51இல் நிப் சிறிய குழாய் வடிவில், கூரான உறைக்குள் ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது நுனி மட்டும். அந்த நுனி மஞ்சளாக இருந்தால் 14 காரட் தங்க நிப் என்று கொள்ளலாம். வெள்ளியைப்போல வெளுத்திருந்தால் ‘ஆக்டேனியம்’ என்று பார்க்கர் பெயரிட்ட உலோகக் கலவையாக இருக்கும். 1950இல் விலை குறைத்து விற்ற ‘51 ஸ்பெஷல்’ பேனாவில் இதுதான் இருந்தது. எழுத நன்றாகவே எழுதும், ஆனால் சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்புக் குறைவு. நிப்பில் உள்ள முத்திரையைப் பார்க்க உறையைத் திருகிக் கழற்ற வேண்டும். அந்த மரை அரக்கு வைத்து ஒட்டப்பட்டது. இளஞ்சூடு கொடுத்து இளக்காமல் முறுக்கினால் உறை பிளந்துவிடும். ஆகவே வாங்கும்போது அதைத் தொட வேண்டாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். தங்கம் மென்மையானது என்பதால் முனையில் மிகக் கடினமான உலோகத்தை ஒரு சிறு குமிழாக ஒட்டியிருப்பார்கள். பல ஆண்டுகள் ஒரே கையில் ஒரே சாய்வில் எழுதப்பட்ட நிப்பில் அந்தக் குமிழ் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். முழுவதும் தேய்ந்திருந்தால் காகிதத்தைக் கீறும். புதுக்குமிழ் வைப்பது கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்யும் வேலை, செலவும் அதிகம். அந்தச் செலவு பேனாவின் மதிப்பிலிருந்தே கழியும்.

காலத்தைக் கண்டுபிடிக்க நிப்பைவிட நம்பகமானது மை நிரப்பும் அமைப்பு. பழைய பேனாக்களில் இது பல வகை. மிகப் பழையவற்றில் கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக உடலுக்குள் மை விடுவார்கள். நம் ஊரில் கடைந்து செய்யும் எபோனைட் பேனாக்கள் பலவும் இந்த வகைதான். உடலின் பக்கவாட்டில் சிறு நெம்புகோல் இருந்தால் உள்ளே ஒரு ரப்பர் பை இருக்கும். நெம்பினால் பை அமுங்கும், விட்டால் மையை உறிஞ்சும். பார்க்கர் 51 வரலாற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டே முறைகள்.

1941 முதல் 1948 வரை அமெரிக்காவில் செய்தவை ‘வாக்குமாட்டிக்’ முறையில் இயங்கின. உடலின் பின்முனையில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அங்கே ஒரு சிறு மூடி உண்டு. அதைத் திருகி எடுத்தால் ஒரு தண்டு இருக்கும். நிப்பை மையில் வைத்து அந்தத் தண்டைப் பல தடவை அழுத்தி விட்டால், உள்ளே உள்ள ரப்பர்ச் சவ்வு மையை மேலே இழுக்கும். 1948இல் ‘ஏரோமெட்ரிக்’ வந்தது. இதில் பின்முனையில் மூடியும் இல்லை, கோடும் இல்லை. உடலை நடுவில் திருகிக் கழற்றினால் உள்ளே ஓர் எஃகு உறை. அதன் பக்கத்தில் அழுத்துவதற்கு ஒரு பட்டை. எப்படி நிரப்புவது என்ற குறிப்பையே உறையின் மீது ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். உள்ளே இருப்பது ரப்பர் பை அல்ல, பி.வி.சி. பை. அதை மையால் அரிக்க முடியவில்லை. எழுபது ஆண்டு ஆன பிறகும் அந்தப் பை பெரும்பாலான பேனாக்களில் இன்னும் வேலை செய்கிறது. வாக்குமாட்டிக்கின் சவ்வு அப்படியல்ல. ரப்பர் இறுகி வெடித்திருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்குத் தனிக் கருவி தேவை.

சோதிப்பது எளிது. நிப்பைச் சுத்தமான தண்ணீரில் வைத்து அழுத்துங்கள். குமிழிகள் வந்தால் அமைப்பு உயிரோடு இருக்கிறது. வாக்குமாட்டிக்கின் தண்டு இறுகி நகராவிட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள். அதற்கும் ஒரு விலை உண்டு, பழுதுபார்க்க வேண்டியது என்ற விலை.

இப்போது ஒரு பேனாவை வைத்துப் பார்ப்போம். விற்பவர் சொல்வது, “1941, தங்க மூடி.” மூடி மஞ்சள், கிளிப்பில் ஒரு நீல வைரக் குறி. பேனாவுக்கு வாழ்நாள் உத்தரவாதம் உண்டு என்பதன் அடையாளமாகப் பார்க்கர் வைத்த குறி அது, 1947ஓடு நின்றுபோனது. இதுவரை விற்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மூடியின் ஓரத்தில் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ‘1/10 12K GOLD FILLED’ என்று நுண்ணெழுத்து. அடியில் வேறு உலோகம், மேலே 12 காரட் தங்கத் தகடு. அந்தத் தங்கமும் எடையில் பத்தில் ஒரு பங்குதான் என்று பொருள். முழுத் தங்க மூடிகளும் உண்டு, அவற்றின் விலை வேறு உலகம். இது அதுவல்ல. பின்முனையைத் திருப்பிப் பார்த்தால் கோடு இல்லை. உடலைத் திருகினால் எஃகு உறை. அப்படியானால் உடல் 1948க்குப் பிந்தையது, மூடி அதற்கு முந்தையது. யாரோ மூடியை மாற்றியிருக்கிறார்கள். எழுதுவதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் 1941 என்ற விலையைக் கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் செய்த முற்காலப் பேனாக்களின் உடலில், வளையத்துக்கு அருகே, சிறிய எழுத்தில் பார்க்கர் பெயரோடு ஓர் எண்ணும் சில புள்ளிகளும் இருக்கும். எண் ஆண்டின் கடைசி இலக்கம். புள்ளிகள் ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதைச் சொல்லும். மூன்று புள்ளி முதல் காலாண்டு, பிறகு ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒன்று குறைந்து, நான்காவதில் புள்ளியே இருக்காது. இலக்கம் 1 மட்டும் இருந்தால் 1941ஆ, 1951ஆ என்று குழப்பம் வரும். அதை அவிழ்ப்பது மறுபடியும் பின்முனைக் கோடுதான். கோடு இருந்தால் 1941.

உடல் பொருளுக்கு வருவோம். 51 செய்யப்பட்டது லூசைட் என்ற அக்ரிலிக்கால். போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளுக்கும் இதே பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். சுருங்காது, நிறம் மாறாது. ஆனால் ஸ்பிரிட் போன்ற ஆல்கஹால் பட்டால் நுண் வெடிப்புகள் விழும். துடைக்கத் தண்ணீர் போதும்.

இதற்கு முந்தைய பேனாக்களில் இரண்டு பொருள்கள் வழக்கம். எபோனைட் என்பது கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பர். நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் கந்தக நெடி வரும். வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பாகும். எனவே அதைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. செல்லுலாய்டு தேய்த்தால் கற்பூர வாசனை தரும். வெளிர் நிறச் செல்லுலாய்டில் உடல் மட்டும் பழுத்து, மூடி நிறம் மாறாமல் இருந்தால் காரணம் உள்ளே இருந்த ரப்பர் பையின் கந்தக ஆவி. அந்தக் கறை உள்ளிருந்தே ஊறியது, மெருகேற்றினாலும் போகாது. மதிப்பும் அங்கே விழும்.

பார்ப்பதற்கு 51 போலவே இருந்து ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, பார்க்கரே 1948இல் மலிவாகக் கொண்டுவந்த 21. அதன் உறை சாதாரண பாலிஸ்டைரீன், நிப்புக்கு மேலே கீறல் விழுவது சகஜம். நிப் தங்கமில்லை. உடலைத் திருகினால் முழு எஃகு உறைக்குப் பதில் ஒரு சட்டமும் பட்டையும் மட்டுமே இருக்கும். மற்றொன்று ஹீரோ. எத்தனையோ மாணவர்களின் பையில் இருந்த 616ஐ ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு மூடியைக் கண்டதும் தெரிந்துவிடும். சீனாவில் செய்தது என்றும் அதன் மேலே எழுதியிருக்கும். இவை நல்ல எழுதுகோல்கள்தான், பழம்பொருள் விலைக்கு வரக்கூடியவை அல்ல.

பாகங்கள் ஒத்துப்போன பிறகுதான் மதிப்பைப் பற்றிப் பேச முடியும். கறுப்பு ஏராளம், அதனால் விலை சாதாரணம். வாக்குமாட்டிக்கில் மஞ்சள் கலந்த ‘மஸ்டர்ட்’, பச்சையான ‘நாசாவ் கிரீன்’ போன்றவை அரிது. ஏரோமெட்ரிக்கில் ‘பிளம்’ என்ற கருஞ்சிவப்பு கிடைப்பது கடினம். அதே நிலையில் உள்ள கறுப்புப் பேனாவைப் போலப் பல மடங்கு விலைக்கு அது போவது இதனால்தான். மூடியில் உள்ள பள்ளமும், தேய்ந்து அடி உலோகம் தெரியும் தங்கத் தகடும் விலையைக் குறைக்கும். பொறிக்கப்பட்ட பெயர் குடும்பத்துக்கு விலைமதிப்பற்றது, வாங்குபவருக்குக் கழிவு. அந்தப் பெயரை ராவி எடுத்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கூடவே தேதி எண்ணும் போயிருக்கும். தொலைவிலிருந்து விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: உடலைத் திருகிய நிலையில் உள்ளமைப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் உடலின் எழுத்து, நிப் நுனி நெருக்கமாக. மூடியிட்ட பேனாவின் அழகான படத்தை மட்டுமே அனுப்புகிறவரிடம் விலை பேச வேண்டாம்.